மலிவு விலை ஜிம்: யாரை முதலில் அழைப்பது?

கேள்வி: ஐயா, வணக்கம். நான் சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்தவன், வயது 33. ஈப்போவில் தொழிற்சாலை மேற்பார்வையாளராக இருந்துவிட்டு, சேமிப்போடு ஊருக்குத் திரும்பியிருக்கிறேன். பட்டணத்தில் ஒரு கடைவீட்டின் முதல் மாடி கிடைத்திருக்கிறது. 1,400 சதுர அடி, வாடகை 1,800 ரிங்கிட். அதில் மலிவு விலை ஜிம் திறக்க ஆசை. மாதம் 60 ரிங்கிட் என்றால் தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்கள் முதல் ஆசிரியர்கள் வரை எல்லாராலும் கட்ட முடியும் என்று நினைக்கிறேன். நண்பர்கள் "இளைஞர்களைப் பிடித்தால் போதும்" என்கிறார்கள். மனைவியோ "இந்த ஊரில் பெண்களுக்குத்தான் இடமில்லை" என்கிறார். யாரை இலக்காக வைப்பது, எதை வைத்து அதை முடிவு செய்வது? ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்திடவில்லை. மாதச் செலவுக் கணக்கை இணைத்திருக்கிறேன்.

பதில்: தம்பி, வணக்கம். கையெழுத்திடுவதற்கு முன் எழுதினீர்கள், நல்லது. யாரை அழைப்பது என்ற கேள்விக்குப் பதில் உங்கள் செலவுக் கணக்கிலேயே பாதி இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வாடகை 1,800. குளிர்சாதனத்தோடு மின்சாரம் 1,000. குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700 ரிங்கிட் என்பதால், இரண்டு ஊழியர்களுக்கு ஊழியர் சேமநிதி, சொக்சோ பங்கும் சேர்த்து ஏறத்தாழ 3,900. கருவிகளுக்கான தவணை 1,600. பழுது, தண்ணீர், இணையம், துப்புரவு எல்லாம் சேர்த்து 700. ஆக மாதம் 9,000 ரிங்கிட். இதில் உங்களுக்கென்று நீங்கள் எதையும் எழுதவில்லை. குடும்பம் நடத்த 2,500 எடுத்தால் 11,500 ஆகிறது. 60 ரிங்கிட்டால் வகுத்துப் பாருங்கள். மாதந்தவறாமல் பணம் கட்டும் 192 பேர் வேண்டும்.

அடுத்து இடத்தைப் பார்ப்போம். 1,400 சதுர அடியில் முகப்பு மேசை, கழிப்பறை, உடை மாற்றும் அறை, படிக்கட்டு முகப்பு ஆகியவை போக 1,000 சதுர அடிதான் மிஞ்சும். ஒருவர் கை கால் இடிக்காமல் பயிற்சி செய்யக் கருவியோடு சேர்த்து 45 சதுர அடியாவது வேண்டும். அப்படியென்றால் ஒரே நேரத்தில் 22 பேர். அதற்கு மேல் போனால் ஒரு கருவிக்கு மூன்று பேர் காத்து நிற்பார்கள், அடுத்த மாதம் அவர்கள் வரமாட்டார்கள்.

உங்கள் நண்பர்கள் சொல்லும் இளைஞர்கள் எப்போது வருவார்கள்? வேலை முடிந்து, குளித்து, மாலை 6 மணிக்கு மேல். 9 மணிக்குள் முடித்துக்கொண்டு சாப்பிடப் போவார்கள். ஒருவர் ஒரு தடவைக்கு ஒன்றேகால் மணி நேரம் இருப்பார் என்றால், அந்த மூன்று மணி நேரத்தில் 53 பேர் வந்துபோகலாம். வாரத்தில் ஆறு நாள் திறந்தால் 318 வருகைகள். ஒருவர் வாரத்துக்குச் சராசரியாக இரண்டரை தடவை வருவார் என்று கொண்டால், மாலை நேரத்தில் 127 உறுப்பினர்களுக்கு மேல் உங்கள் மாடி தாங்காது. உங்களுக்கு வேண்டியதோ 192. கதவுக்கு வெளியே இளைஞர்கள் வரிசையில் நின்றாலும், அவர்களை மட்டும் நம்பினால் இந்தக் கடை நட்டத்தில்தான் ஓடும். விலையை ஏற்றி ஈடுகட்ட நினைத்தால், 127 பேரிடம் தலைக்கு 90 ரிங்கிட்டுக்கும் மேல் வாங்க வேண்டும். அது மலிவு விலை ஜிம் அல்ல.

"கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் இதே விலையில் நடத்துகிறார்களே?" என்று கேட்பீர்கள். பெருநகரத்து மலிவு ஜிம்மின் வரவு செலவு வேறு அடித்தளத்தில் நிற்கிறது. அங்கே ஓராண்டு ஒப்பந்தம், வங்கி அட்டையில் தானாகக் கழியும் கட்டணம். சேர்ந்தவர்களில் கணிசமானோர் வருவதை நிறுத்திய பிறகும் பணம் போய்க்கொண்டே இருக்கும். வராதவர் கட்டும் பணத்தில்தான் வருகிறவருக்கு மலிவு விலை கிடைக்கிறது. உங்கள் ஊரில் பணம் கையில் வரும், அல்லது முகப்பில் ஒட்டிய டுவிட்நவ் குறியீட்டை ஒருவர் கைப்பேசியில் வருடிக் கட்டுவார். வராத மாதம் கட்டமாட்டார். உங்களுக்கு வந்துபோகும் உறுப்பினர் மட்டுமே உறுப்பினர். எனவே நெரிசல் நேரத்துக்கு வெளியே மாடி நிரம்புகிறதா என்பதுதான் உங்கள் பிழைப்பு.

இதிலிருந்து சந்தையை எப்படிப் பிரிப்பது என்பது தானாக வருகிறது. வயது, இனம், வருமானம் என்று பிரிப்பதுதான் எல்லாரும் முதலில் செய்வது. சுங்கை சிப்புட் போன்ற ஊருக்கு அது போதாது. 35 வயதுத் தமிழ்ப் பெண் என்று ஒரு கட்டம் போட்டால், காலை 6 மணிக்குத் தொழிற்சாலை பஸ் ஏறுகிறவரும், பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் விட்டுவிட்டு 8 மணிக்கு வீடு திரும்புகிறவரும் அதே கட்டத்தில் விழுகிறார்கள். உங்கள் ஜிம்மைப் பொறுத்தவரை இருவருக்கும் ஒற்றுமையே இல்லை. இரண்டு கேள்விகளை வைத்துப் பிரியுங்கள். எந்த மணி நேரம் அவருடைய கையில் இருக்கிறது? எதற்காக உடம்பை அசைக்க நினைக்கிறார்? வயதும் வருமானமும் அதற்குப் பிறகு வரட்டும்.

அப்படிப் பிரித்தால் உங்கள் ஊரில் எனக்குத் தெரிவது இது.

மாலை நேரத்து இளைஞர்கள். தோள் அகல வேண்டும், கை திரள வேண்டும் என்பது நோக்கம். இரும்புப் பளு எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் பார்ப்பார்கள். நண்பன் வந்தால் வருவார்கள், ஃபுட்சால் ஆட்டம் இருந்தால் வரமாட்டார்கள்.

காலை நேரத்துப் பெண்கள். 30 முதல் 50 வயது வரை. பிள்ளைகளைப் பள்ளியில் விட்ட பிறகு 8.30 முதல் 11 வரை அவர்களுக்கென்று கொஞ்ச நேரம் இருக்கிறது. இங்கே நோக்கம் தோற்றம் மட்டுமல்ல. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியாவில் வயதுவந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு உடல் எடை அதிகம் என்றும், ஆறில் ஒருவருக்கு நீரிழிவு என்றும் சொல்கிறது. இந்தியர்களிடையே நீரிழிவு மற்ற இனத்தவரைவிடக் கூடுதல். அம்மாவுக்கு ஊசி, அண்ணனுக்குக் கால் விரல் எடுத்தாயிற்று என்று வீட்டுக்குள்ளேயே பார்த்தவர்கள் இவர்கள். சர்க்கரைக்கான முதல் எச்சரிக்கையைச் சுகாதார நிலையத்தில் கேட்டுவிட்டு வந்தவர்கள். இந்தக் காரணம் ஃபுட்சால் ஆட்டத்துக்காக விட்டுப்போகும் காரணம் அல்ல.

பிற்பகல் நேரத்தவர்கள். 2.30க்குப் பள்ளி முடிந்து வரும் ஆசிரியர்கள், காலை ஷிப்ட் முடிந்து 4 மணிக்கு ஊர் திரும்பும் தொழிற்சாலை ஊழியர்கள். ஒரே நேரத்தில் கை ஓய்ந்தாலும் இவர்கள் இரண்டு பிரிவு. ஆசிரியருக்கு நிலையான சம்பளம், நிலையான நேரம். ஷிப்ட் ஊழியருக்கு இந்த வாரம் காலை, அடுத்த வாரம் இரவு. நீங்கள் வகுப்பு நேரம் வைத்தால் ஆசிரியர் வருவார், ஷிப்ட் ஊழியரால் முடியாது. அவருக்குக் கதவு திறந்திருந்தால் போதும்.

பிறகு, உங்கள் கடிதத்தில் நீங்கள் மனதில் வைத்திருக்கும் தோட்ட மக்கள். இதைப் பிரித்துப் பாருங்கள். இன்று செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர், நீண்ட அலுமினியக் கழியின் நுனியில் அரிவாளைக் கட்டி, காலை முழுவதும் அண்ணாந்து இழுத்து, விழுந்த குலையைத் தூக்கிப் போட்டுவிட்டு வருகிறார். அவருடைய தோளுக்கு வேண்டியது ஓய்வு. பளு தூக்க அவர் பணம் கட்டமாட்டார். அந்த வேலையில் இப்போது வெளிநாட்டுத் தொழிலாளர்களும் நிறைய. ஆனால் தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்த குடும்பங்கள் வேறு. அப்பா காலத்தில் நடந்தே இரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள், இன்று மோட்டாரிலும் நாற்காலியிலும் நாளைக் கழிக்கிறார்கள். உடம்பின் உழைப்பு குறைந்தது, தட்டில் சோறு குறையவில்லை. "தோட்ட மக்கள்" என்று நீங்கள் சொல்லும்போது உங்களுக்கு வேண்டியது இந்த இரண்டாவது கூட்டம்.

இனி, இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது? சந்தைப்படுத்தல் பாடநூல்கள் ஒரு பிரிவுக்கு ஐந்து தகுதிகள் சொல்லும். அதை எண்ணிக்கையில் அளக்க முடிய வேண்டும், இலாபம் தரும் அளவு பெரிதாக இருக்க வேண்டும், உங்கள் செய்தியும் சேவையும் அதைச் சென்று எட்ட வேண்டும், மற்றப் பிரிவிலிருந்து வேறு விதமாக நடந்துகொள்ள வேண்டும், அதற்கேற்பச் செயல்பட உங்களிடம் ஆளும் பணமும் இருக்க வேண்டும். ஐந்தும் சரியானவைதான். ஆனால் பலர் இந்த ஐந்துக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டி, அதிக மதிப்பெண் வாங்கிய பிரிவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தக் கூட்டலை நான் ஏற்பதில்லை. நான்கில் பத்துக்குப் பத்து வாங்கி, "சென்று எட்டுவது" என்பதில் பூஜ்யம் வாங்கிய பிரிவு கூட்டலில் முதலிடத்துக்கு வந்துவிடும். நடைமுறையில் அந்தப் பிரிவிலிருந்து ஒருவர்கூடப் படியேறமாட்டார். எனவே சிலவற்றைத் தாண்ட வேண்டிய வாசலாக வையுங்கள், சிலவற்றை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

உங்கள் கடைக்கு மூன்று வாசல்கள் போதும். முதலாவது, அந்தப் பிரிவு காலியான நேரத்தில் வருமா? இரண்டாவது, விளம்பரச் செலவில்லாமல் அவர்களிடம் பேச முடிகிற ஓர் இடமோ ஒரு மனிதரோ உண்டா? மூன்றாவது, அவர்கள் வருவதால் இன்னொரு பிரிவு போய்விடாமல் இருக்குமா? இந்த மூன்றையும் தாண்டியவற்றை மட்டும், எத்தனை பேர், எத்தனை மாதம் நிலைப்பார்கள் என்று ஒப்பிடலாம்.

இளைஞர்கள் முதல் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். அதற்காக அவர்களைத் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. அவர்கள் நீங்கள் அழைக்காமலே வருவார்கள். வருகிறவர்களுக்குக் கதவைத் திறப்பது வேறு, ஒரு பிரிவை இலக்காக வைத்துப் பணத்தையும் இடத்தையும் அதற்காகச் செலவிடுவது வேறு. ஆசிரியர்கள் மூன்றையும் தாண்டுகிறார்கள், ஆனால் எண்ணிக்கை சிறிது. ஷிப்ட் ஊழியர்களும் தாண்டுகிறார்கள், ஆனால் சுழற்சியில் பாதி நாள் வரமாட்டார்கள். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் முற்றிய 60 வயதுக்காரர்கள் காலையில் வருவார்கள், எட்டவும் முடியும். ஆனால் இன்சுலின் போடுகிறவருக்குப் பயிற்சியின் நடுவே சர்க்கரை இறங்கினால் என்ன செய்வதென்று தெரிந்த ஆள் உங்களிடம் இல்லை. அது உங்களால் இப்போது செய்ய முடியாத சேவை. முதல் ஆண்டில் அவர்களை அழைக்காதீர்கள், தாமாக வந்தால் மருத்துவரின் சம்மதக் கடிதம் கேளுங்கள். நான்காம், ஐந்தாம் படிவ மாணவர்களையும் இப்போதைக்கு விடுங்கள். பெற்றோரின் அனுமதி, மேற்பார்வை என்று வேலை அதிகம், கையில் பணம் குறைவு.

மிஞ்சுவது காலை நேரத்துப் பெண்கள். உங்கள் மனைவி சொன்னது சரி என்பது என் கருத்து. அவர்கள்தான் உங்கள் முதன்மை இலக்கு. பிற்பகல் நேரத்தவர்கள் இரண்டாவது இலக்கு. மாலை இளைஞர்களுக்கு எல்லை வைத்துச் சேவை.

மூன்றாவது வாசலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிறிய ஊரில் இந்தத் தொழில் அங்கேதான் தடுக்கி விழுகிறது. உங்கள் மாடிக்குப் போகும் படிக்கட்டு ஐந்தடிப் பாதையில் இருக்கும், அகலம் நான்கடிகூட இராது. மாலையில் இளைஞர்கள் பயிற்சி முடித்து, படிக்கட்டு வாசலில் மோட்டார்களின் மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் யாரையும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், பாதிப் பேர் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள். ஆனாலும் 42 வயதுப் பெண்மணி ஒருவர், உடற்பயிற்சி உடுப்போடு அவர்களுக்கு நடுவே வழி கேட்டுப் படியேறமாட்டார். கோயிலில் பார்க்கும் முகம், தன் மகனோடு படித்த முகம். ஒரே ஒரு தடவை தயங்கித் திரும்பினார் என்றால், அது அன்று மாலையே பத்து வீட்டுக்குத் தெரியும். பெருநகரத்தில் யாரும் யாரையும் அறியார், அதனால் இந்தச் சிக்கல் அங்கே சிறியது. உங்கள் ஊரில் ஒரு ஜிம் "பையன்கள் கூடும் இடம்" என்று பெயர் எடுத்துவிட்டால் அந்தப் பெயரை மாற்றுவது மிகக் கடினம். இளைஞர்களுக்கு இந்தச் சிக்கல் மறுபக்கத்தில் இல்லை. காலையில் பெண்கள் வருகிறார்கள் என்பதற்காக மாலையில் வராத இளைஞர் கிடையாது.

எனவே வரிசை முக்கியம். முதல் மாதம் காலையும் பிற்பகலும் மட்டும் திறந்து வையுங்கள். மாலை நேரத்தை இரண்டாவது மாதத்தில் தொடங்குங்கள். அந்த ஒரு மாத மாலை வருமானம் போகிறதே என்று நினைக்காதீர்கள், அதற்கு ஈடாக ஊரில் உங்கள் இடத்துக்கு முதலில் ஒட்டும் பெயரை நீங்களே தீர்மானிக்கிறீர்கள். திங்கள் முதல் சனி வரை காலை 8.30 முதல் 11 வரை பெண்களுக்கு மட்டும் என்று எழுதி வையுங்கள், அந்த நேரத்தில் முகப்பில் பெண் ஊழியர் மட்டும் இருக்கட்டும், நீங்களும் மேலே போகாதீர்கள். தெருவைப் பார்த்த சன்னலுக்கு மங்கலான தாள் ஒட்டுங்கள். படிக்கட்டு வாசலில் மோட்டார் நிறுத்தக் கூடாது என்று கடை உரிமையாளரிடம் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க முடியுமா என்று கேளுங்கள்.

இந்த ஏற்பாட்டில் இன்னொரு பலன் உண்டு. ஆண்கள் இல்லாத, வெளியிலிருந்து பார்க்க முடியாத அறை என்றால் மலாய்ப் பெண்கள் தலைத்துணியைக் கழற்றிவிட்டு நிம்மதியாகப் பயிற்சி செய்யலாம். சந்தைக்குப் போய்விட்டு வரும் சீனப் பெண்மணிக்கும் அதே நேரம் ஒத்துவரும். இனத்தை வைத்துப் பிரித்திருந்தால் இவர்கள் மூன்று தனிப் பிரிவுகள், மூன்றும் சிறியவை. நேரத்தையும் நோக்கத்தையும் வைத்துப் பிரித்ததால் ஒரே பிரிவு, போதிய அளவு பெரியது. அறிவிப்பை மட்டும் மூன்று மொழியிலும் எழுதுங்கள்.

கருவிகளின் பட்டியலும் இதற்கேற்ப மாற வேண்டும். நீங்கள் ஆறு ஓட்டப் பொறி போட்டிருக்கிறீர்கள். இரண்டு போதும். அவற்றின் விலையும் அதிகம், நம் ஊர் ஈரப்பதத்தில் பழுதும் அதிகம். தவிர நடக்க விரும்புகிறவர் திடலில் இலவசமாக நடக்கிறார். அந்த இடத்தைத் திறந்த தரையாக விடுங்கள். இரப்பர் தரை, ஒரு கிலோவிலிருந்து ஐந்து கிலோ வரை கைப்பளுக்கள், இழுபட்டைகள், ஒரு கம்பி இழுவைக் கருவி. காலையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வகுப்பாகச் செய்ய இது போதும். மாலையில் அதே தரையில் இளைஞர்கள் பயன்படுத்த ஒரு பளுச் சட்டமும் கனத்த கைப்பளுக்களும் ஒரு சுவரோரம் இருக்கட்டும். ஒரே சதுர அடி இரண்டு பிரிவுக்கும் உழைக்க வேண்டும்.

விலைக்கு வருவோம். எல்லாருக்கும் 60 என்பது நியாயமாகத் தோன்றும், ஆனால் நெரிசலான நேரத்தையும் காலியான நேரத்தையும் ஒரே விலைக்கு விற்கிறீர்கள். எல்லா நேரமும் வரலாம் என்பதற்கு 69, மாலை 5 மணிக்கு முன் மட்டும் என்பதற்கு 55 என்று வையுங்கள். 55ஐ நான் எங்கிருந்து எடுத்தேன் என்றால், அந்தப் பெண்கள் இப்போது வேறு எதற்குப் பணம் கொடுக்கிறார்கள் என்று பார்த்தேன். சமூக மண்டபத்தில் ஸும்பா வகுப்பு ஒரு தடவைக்கு 5 ரிங்கிட் என்றால், வாரம் இரண்டு தடவைக்கு மாதம் 40 ஆகிறது. அதைவிடக் கொஞ்சம் அதிகம், ஆனால் ஆறு நாளும் வரலாம். உங்கள் ஊரில் அந்த வகுப்பு வேறு விலையென்றால் உங்கள் விலையையும் அதன்படி நகர்த்துங்கள். ஆசிரியர்களுக்கு மூன்று மாதக் கட்டணத்தை ஒரே ரசீதில் கொடுங்கள். உடற்பயிற்சி மையக் கட்டணம் விளையாட்டுச் செலவுகளுக்கான 1,000 ரிங்கிட் வருமான வரி விலக்குக்குள் வருகிறது, அவர்கள் அதைக் கேட்பார்கள். 1,700 ரிங்கிட் சம்பளக்காரரிடம் இந்த வரி விலக்கைச் சொல்லி விற்காதீர்கள். அவர் வரி கட்டும் நிலையிலேயே இல்லை, அந்தப் பேச்சு அவருக்கு உரியதல்ல.

இப்போது கூட்டிப் பார்ப்போம். மாலையில் 90 பேர், 69 வீதம் 6,210. காலைப் பெண்கள் 60 பேர், 55 வீதம் 3,300. பிற்பகலில் 45 பேர், 55 வீதம் 2,475. மொத்தம் 195 பேர், 11,985 ரிங்கிட். காலை வகுப்புக்கு ஒரு பெண் பயிற்சியாளர் வேண்டும். வாரம் மூன்று வகுப்பு, ஒன்றுக்கு 40 ரிங்கிட் என்றால் மாதம் 480 போகும். மிஞ்சுவது 11,505. உங்கள் 11,500க்குச் சரியாக வந்து நிற்கிறது. மாலையில் 127 தாங்கும் இடத்தில் 90 பேர்தான், எனவே கருவிக்குக் காத்திருப்பும் இராது. இதை ஆறாவது மாத இலக்காக வையுங்கள். அதுவரை ஏற்படும் பற்றாக்குறைக்கு உங்கள் சேமிப்பில் 20,000 ரிங்கிட்டைத் தொடாமல் வைக்க வேண்டும், வீட்டுச் செலவு அதற்கு வெளியே.

60 பெண்கள் கிடைப்பார்களா என்பதுதான் இப்போது கேள்வி. புள்ளிவிவரத் துறையின் open.dosm.gov.my தளத்தில் Kawasanku என்ற பகுதியைத் திறந்தால், சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதிக்கும் அதன் சட்டமன்றத் தொகுதிகளான லிந்தாங், ஜாலோங் ஆகியவற்றுக்கும் மக்கள்தொகை, வயது, வருமானம் தனித்தனியே கிடைக்கும். அதில் ஒரு மாலை செலவிடுங்கள். ஆனால் தொகுதி பெரியது, உங்கள் சந்தை மோட்டாரில் பத்து நிமிடத் தொலைவு. அந்த வட்டத்துக்குள் நீங்களே போய் எண்ண வேண்டும். காலை 7 மணிக்குப் பள்ளி வாசலில் நின்று, பிள்ளையை இறக்கிவிட்ட பிறகு வீட்டு உடுப்பிலேயே திரும்புகிறவர் எத்தனை பேர், வேலைச் சீருடையில் விரைகிறவர் எத்தனை பேர் என்று உங்கள் மனைவி மூன்று காலை எண்ணட்டும். முதல் கூட்டம்தான் உங்கள் பிரிவு. திடலில் காலை நடக்கிறவர்களையும் எண்ணுங்கள். ஏற்கெனவே உடம்பை அசைக்கும் பழக்கம் உள்ளவரை ஜிம்முக்கு அழைப்பது, பழக்கமே இல்லாதவரை அழைப்பதைவிட எளிது.

அவர்களிடம் "ஜிம் திறந்தால் வருவீர்களா?" என்று கேட்காதீர்கள். நம் மக்கள் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லமாட்டார்கள். "கண்டிப்பா வருவோம் தம்பி" என்பார்கள், அந்தப் பதிலை வைத்து வாடகை கட்ட முடியாது. போன மாதம் உடம்புக்காக எதற்காவது பணம் செலவிட்டார்களா, ஸும்பாவுக்குப் போய் நின்றுவிட்டார்களென்றால் ஏன் நின்றார்கள் என்று கேளுங்கள். நடந்ததைச் சொல்லும்போது ஆள் பொய் சொல்வது குறைவு. அதன் பிறகு 20 ரிங்கிட் முன்பதிவு வாங்குங்கள். ஜிம் திறக்காவிட்டால் திருப்பித் தரப்படும் என்று ரசீதில் எழுதிக் கொடுங்கள். பெண்களிடம் இதை உங்கள் மனைவியும், நீங்கள் அமர்த்தப்போகும் பயிற்சியாளரும் பேசட்டும். கோயில் மகளிர் குழு, பெற்றோர் ஆசிரியர் சங்கம், அவற்றின் வாட்ஸ்அப் குழுக்கள் உங்களுக்குப் போதும். துண்டுப் பிரசுரம் அடித்து ஊர் முழுக்கப் போடுவதற்கு வைத்திருக்கும் 800 ரிங்கிட்டில் ஒரு பகுதியைப் பயிற்சியாளரின் இரண்டு இலவச வகுப்புகளுக்கு மாற்றுங்கள்.

திறந்த பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். ஒவ்வொரு வருகைக்கும் பெயர், நேரம். சேரும்போது ஒரே ஒரு கேள்வி, எதற்காக வந்தார் என்று அவருடைய சொல்லிலேயே எழுதுங்கள். மாதக் கடைசியில் மொத்த உறுப்பினர் எண்ணிக்கையைப் பார்த்து மகிழாதீர்கள். மூன்று பிரிவையும் தனித்தனியே எடுத்து, முதல் மாதம் கட்டியவர்களில் மூன்றாம் மாதமும் கட்டியவர் எத்தனை பேர் என்று பாருங்கள். இளைஞர்களில் பலர் போய்ப் பலர் வருவார்கள், அது அந்தப் பிரிவின் இயல்பு. பெண்கள் பிரிவில் பாதிக்கு மேல் போனால் ஏதோ தவறு. நேரம் தவறா, பயிற்சியாளர் தவறா, யாராவது எதையாவது சொன்னார்களா என்று உங்கள் மனைவி வீடு தேடிப் போய்க் கேட்க வேண்டும். இன்னொரு அறிகுறியும் உண்டு. காலை நேரத்துப் பெண்கள் மாலை 69 அட்டைக்கு மாறத் தொடங்கினால் மகிழ்ச்சி அடையாதீர்கள், உங்கள் காலை நேரம் அவர்களுக்குப் பொருந்தவில்லை என்று பொருள்.

நோன்பு மாதத்தில் இந்தக் கணக்கை நம்பாதீர்கள். மலாய் உறுப்பினர்கள் காலையிலும் மாலையிலும் வரமாட்டார்கள், வருகிறவர்கள் தராவீஹ் தொழுகைக்குப் பிறகு இரவு 10 மணிக்கு வருவார்கள். அந்த மாதம் மட்டும் இரவு நேரத்தை நீட்டுங்கள். தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரமும் பெண்கள் வருகை விழும், அது கைவிட்டதாகாது.

கடைசியாகக் கையெழுத்து. உரிமையாளர் இரண்டு ஆண்டு கேட்டால், ஓராண்டும் பிறகு விரும்பினால் இன்னோர் ஆண்டும் என்று பேசுங்கள். இன்றிலிருந்து ஆறு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் 20 ரிங்கிட் கட்டிய பெண்கள் 25 பேர், பிற்பகல்காரர்கள் 15 பேர் சேர்ந்தால் கையெழுத்திடுங்கள். மாலை இளைஞர்கள் எத்தனை பேர் கட்டினாலும் இந்த எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். பெண்கள் பத்துக்கும் கீழே நின்று இளைஞர்கள் மட்டும் எண்பது பேர் கட்டியிருந்தால், இந்த மாடியை விட்டுவிட்டு, 700 சதுர அடியில், குளிர்சாதனம் இல்லாமல், ஊழியர் இல்லாமல் நீங்களே மாலையில் மட்டும் நின்று நடத்தும் சிறிய கடைக்கு வேறு கணக்கு போடுங்கள். அந்தச் செலவுப் பட்டியலை அனுப்பினால் அதையும் பார்த்துச் சொல்கிறேன்.